வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்தால்

தூத்துக்குடி மக்ரூனில் மூன்றே பொருள்கள்தான். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. சோடா உப்பு கிடையாது, ஈஸ்ட் கிடையாது, மைதாவும் கிடையாது. ஆனாலும் வாயில் போட்டால் மொறுமொறுவென்று உடைந்து கரைந்துவிடுகிறது. வெள்ளைக்கருவுக்குள் அடித்து ஏற்றிய காற்றுதான் அதற்குக் காரணம். அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருப்பது வெள்ளைக்கரு மட்டுமே. அதனால் மக்ரூன் வேலையில் முதல் படி அடுப்பும் அல்ல, பீட்டரும் அல்ல. முட்டையை உடைத்து, மஞ்சள் துளிகூடக் கலக்காமல் வெள்ளையைத் தனியாக எடுப்பதுதான்.

வீட்டில் மக்ரூன் செய்து பார்த்தவர்கள் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எவ்வளவு நேரம் அடித்தாலும் நுரை ஏறவில்லை, ஏறினாலும் தளதளவென்று படுத்துவிடுகிறது என்பார்கள். பீட்டரையும் சர்க்கரையையும் குறை சொல்வதற்கு முன்னால், வெள்ளைக்கரு இருந்த கிண்ணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரித்தெடுத்தபோது ஒரு மஞ்சள் கரு உடைந்ததா? 'கொஞ்சம்தானே' என்று அப்படியே விட்டோமா? அந்தக் கொஞ்சம் என்ன செய்யும், அதைத் தடுப்பது எப்படி, தடுக்க முடியாமல் போனால் மீட்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

மஞ்சள் ஏன் ஆகாது?

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் முட்டை சுமார் 50 முதல் 55 கிராம் எடை இருக்கும். அதில் வெள்ளை ஏறத்தாழ 30 கிராம், மஞ்சள் 15 முதல் 17 கிராம், மீதி ஓடு. வெள்ளையில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் தண்ணீர்தான். மீதி பெரும்பாலும் புரதம். கொழுப்பு என்பது பெயருக்குத்தான். மஞ்சள் அப்படியல்ல. அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு. ஒரே ஓட்டுக்குள் அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டும் குணத்தில் நேர் எதிரானவை.

வெள்ளைக்கருவை அடிக்கும்போது, சுருண்டு கிடக்கும் புரத இழைகள் அவிழ்கின்றன. அவிழ்ந்த இழைகள் ஒவ்வொரு காற்றுக் குமிழியின் மேலும் படிந்து, ஒன்றோடொன்று கைகோத்து, மெல்லிய சுவராக நிற்கின்றன. லட்சக்கணக்கான குமிழிகள் இப்படிச் சுவர் கட்டிக்கொண்டால் அதுதான் நுரை. மஞ்சள் கருவின் கொழுப்பு உள்ளே வந்தால் அதுவும் அந்தக் குமிழிச் சுவருக்கே ஓடுகிறது. புரதம் நிற்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. ஆனால் புரதம் போல அதனால் கைகோத்து நிற்க முடியாது. சுவரில் அங்கங்கே ஓட்டை விழுந்த மாதிரி ஆகிறது. குமிழிகள் உடைந்து ஒன்றோடொன்று கலந்து பெரிதாகின்றன, நுரை தணிகிறது. எண்ணெய் பிசுக்குள்ள கிண்ணத்தில் வெள்ளைக்கரு ஏறாததற்கும் இதுவேதான் காரணம். பிளாஸ்டிக் கிண்ணம் எவ்வளவு கழுவினாலும் பிசுக்கை விடாது. அதனால் வெள்ளையடிக்க எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கிண்ணம் நல்லது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மஞ்சளில் கொஞ்சம் வெள்ளை கலந்தால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. கஸ்டர்டோ மயோனைசோ செய்கிறவருக்கு ஒரு ஸ்பூன் வெள்ளை கூடுதலாகச் சேர்ந்தால் கொஞ்சம் இளகலாக இருக்கும், அவ்வளவுதான். வெள்ளையில் மஞ்சள் கலந்தால்தான் ஆபத்து. அதனால் பிரித்தெடுக்கும்போது நாம் காவல் காக்க வேண்டியது வெள்ளையை. சந்தேகம் வரும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் வெள்ளையை மஞ்சளோடு விட்டுக்கொடுத்துவிடலாம். கடைசிச் சொட்டு வெள்ளை வரைக்கும் வழித்தெடுக்கப் பார்ப்பவர்கள்தான் மஞ்சளை உடைக்கிறார்கள்.

முட்டையின் வயதைப் பாருங்கள்

மஞ்சள் கருவைச் சுற்றி மிக மெல்லிய, கண்ணுக்குத் தெரியாத சவ்வு ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றிக் கெட்டியான வெள்ளை, அதற்கு வெளியே நீர்த்த வெள்ளை. மஞ்சளின் இரு பக்கமும் முறுக்கிய நூல் மாதிரி வெள்ளையாக ஒன்று தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். குஞ்சின் தொடக்கம் என்று சிலர் நினைத்து அருவருப்பார்கள். அது மஞ்சளை முட்டையின் நடுவிலேயே கட்டி வைத்திருக்கும் கயிறு. வெள்ளைக்கருவின் புரதத்தாலேயே ஆனது, சாப்பிடக் கூடியது. அது தடித்துத் தெளிவாகத் தெரிந்தால் முட்டை புதியது என்றே அர்த்தம்.

முட்டை பழசாகப் பழசாக, ஓட்டில் உள்ள நுண்துளைகள் வழியாகக் கரியமில வாயு வெளியேறுகிறது. வெள்ளையின் காரத்தன்மை கூடுகிறது. கெட்டி வெள்ளை இளகி நீர்த்துப்போகிறது. வெள்ளையில் உள்ள தண்ணீர் மெல்ல மஞ்சளுக்குள் இறங்குகிறது. மஞ்சள் ஊதிப் பெரிதாகிறது, அதைப் பிடித்திருக்கும் சவ்வு இழுபட்டுத் தளர்கிறது. இந்த நிலையில் உள்ள முட்டையை உடைத்துத் தட்டில் விட்டால் மஞ்சள் மேடாக நிற்காமல் தட்டையாகப் பரவிக் கிடக்கும். தொட்டாலே உடையும். வெயில் காலத்தில் கடையில் வெளியிலேயே அடுக்கி வைத்த முட்டைக்கு இந்த மாற்றம் வேகமாக நடக்கிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் மெதுவாக நடக்கிறது.

உடைப்பதற்கு முன்பே வயதை அறிய, ஒரு பாத்திரத் தண்ணீரில் முட்டையைப் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்துக் கிடந்தால் புதியது. ஒரு முனை தூக்கி நின்றால் பழசு. ஆம்லெட்டுக்கும் அவிக்கவும் ஆகும், பிரித்தெடுப்பதற்குச் சிரமப்படுத்தும். மிதந்தால் அதை விட்டுவிடுவது நல்லது. இந்தச் சோதனை செய்த முட்டையை உடனே துடைத்துப் பயன்படுத்திவிட வேண்டும். நனைந்த முட்டையைத் திரும்ப அடுக்கி வைக்கக் கூடாது.

பழைய முட்டையின் நீர்த்த வெள்ளை சீக்கிரம் நுரைக்கும் என்பது உண்மை. ஆனால் புதிய முட்டையின் நுரை அதைவிட நிலைத்து நிற்கும், மஞ்சளும் உடையாமல் பிரியும். வீட்டில் செய்பவருக்கு இந்த இரண்டாவது லாபமே பெரியது.

உடைப்பதற்கு முன்

முட்டையைப் பிரிக்கும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். குளிரில் மஞ்சள் இறுகி இருக்கும், கெட்டி வெள்ளையும் அதை நன்றாகப் பிடித்திருக்கும். அடிக்கும்போதோ வெள்ளை அறையின் சூட்டில் இருந்தால் சீக்கிரம் ஏறும். ஆகவே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பிரித்து, வெள்ளையை மூடி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அடிப்பதே சரியான வரிசை.

மேடையில் மூன்று பாத்திரங்களை வையுங்கள். ஒரு சின்னக் கிண்ணம், மஞ்சளுக்கு ஒரு கிண்ணம், வெள்ளை சேர வேண்டிய பெரிய கிண்ணம். எந்த முட்டையையும் பெரிய கிண்ணத்துக்கு நேர் மேலே உடைக்கக் கூடாது. ஒவ்வொரு முட்டையின் வெள்ளையும் முதலில் சின்னக் கிண்ணத்தில் விழ வேண்டும். அதை வெளிச்சத்தில் பார்த்து, மஞ்சள் இழை இல்லை என்று உறுதி செய்த பிறகே பெரிய கிண்ணத்துக்குப் போக வேண்டும். எவர்சில்வரில் மஞ்சள் துளி எளிதில் கண்ணுக்குப் படாது. அதனால் சின்னக் கிண்ணம் மட்டும் வெள்ளைப் பீங்கானாக இருந்தால் வசதி. ஐந்தாவது முட்டையில் மஞ்சள் உடைந்து, ஏற்கெனவே எடுத்த நான்கு வெள்ளையும் பாழாவதை இந்த ஒரு சின்னக் கிண்ணம் தடுத்துவிடுகிறது.

முட்டையை விளிம்பில் தட்டாமல், சமமான மேடையில் அதன் இடுப்புப் பகுதியில் ஒரே தட்டாகத் தட்டுங்கள். விளிம்பில் தட்டினால் ஓட்டுச் சில்லு உள்ளே குத்தி, மஞ்சளின் சவ்வைக் கிழிக்க வாய்ப்பு அதிகம். மேடையில் தட்டினால் ஓடு வெளியே நொறுங்கும், உள்ளே இருக்கும் சவ்வு அந்தச் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். பயந்து பயந்து நான்கைந்து முறை மெல்லத் தட்டினால் ஓடு பொடிப்பொடியாகி, பிளக்கும்போது கையோடு வரும்.

ஓட்டால் பிரிப்பது

நம் வீடுகளில் அதிகம் பழக்கத்தில் உள்ள முறை இது. விரிசல் விழுந்த முட்டையைச் சற்றுச் செங்குத்தாகப் பிடித்து, கட்டை விரல்களால் இரண்டாகப் பிளக்க வேண்டும். அப்போது மஞ்சள் கீழ் ஓட்டில் தங்கும், நீர்த்த வெள்ளை தானாகவே வழிந்து கிண்ணத்தில் விழும். பிறகு மஞ்சளை மேல் ஓட்டுக்கு மாற்ற வேண்டும். இரண்டு ஓடுகளையும் ஒட்டிப் பிடித்து, உயரத்திலிருந்து கொட்டாமல் வழுக்கி விட வேண்டும். ஒவ்வொரு மாற்றலிலும் கொஞ்சம் வெள்ளை கீழே இறங்கும்.

கெட்டி வெள்ளை சில சமயம் மஞ்சளை விடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதை ஓட்டின் விளிம்பால் கிண்ணத்தின் பக்கத்தில் லேசாக உரசினால் அறுந்து விழும். இரண்டு மூன்று முறை மாற்றியதும் நிறுத்திவிடுங்கள். ஓட்டின் உடைந்த விளிம்பு கத்தி மாதிரி கூரானது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மஞ்சள் அந்த விளிம்பைத் தாண்டித்தான் போகிறது. நான்காவது ஐந்தாவது மாற்றலில்தான் பெரும்பாலும் உடைகிறது.

இந்த முறைக்கு இன்னொரு குறையும் உண்டு. ஓட்டின் வெளிப்புறத்தில் கோழியின் எச்சம் ஒட்டியிருக்கலாம், சால்மொனெல்லா போன்ற கிருமிகளும் இருக்கலாம். கரு ஓட்டின் மேல் வழியும்போது அவையும் சேர்ந்து வரும். நன்றாக வேகும் பலகாரத்துக்கு இது பெரிய கவலை இல்லை. பச்சை மஞ்சள் சேரும் மயோனைஸ் போன்றவற்றுக்கு இந்த முறையைத் தவிர்ப்பதே நல்லது. முட்டையை வாங்கியதும் மொத்தமாகக் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள பாதுகாப்புப் படலம் போய்விடும். அழுக்கு இருந்தால் உடைப்பதற்குச் சற்று முன் துடைத்தால் போதும்.

கையால் பிரிப்பது

பேக்கரிகளில் தட்டுத் தட்டாக முட்டை உடைப்பவர்கள் பலர் கையைத்தான் நம்புகிறார்கள். காரணம் எளிமையானது. விரலுக்கு ஓட்டைப் போலக் கூர் இல்லை. சவ்வு தளர்ந்த மஞ்சள்கூட விரலின் மேல் உடையாமல் உட்காரும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பின் வழுவழுப்பும் போகும்படி அலச வேண்டும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், நகம் வெட்டியிருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு வந்தால் அந்த எண்ணெயும் வெள்ளையில் இறங்கும். முட்டையை முழுதாக ஒரு சின்னக் கிண்ணத்தில் உடைத்து ஊற்றுங்கள். இன்னொரு காலிக் கிண்ணத்துக்கு மேல் உள்ளங்கையைக் குழித்து, விரல்களைச் சற்றே விலக்கிப் பிடியுங்கள். முட்டையை அந்தக் கையில் மெல்லச் சரியுங்கள். வெள்ளை விரலிடுக்கில் ஒழுகும், மஞ்சள் விரல்களின் மேல் தங்கும்.

இடுக்கு பெரிதாக இருந்தால் மஞ்சளும் பிதுங்கி இறங்கப் பார்க்கும், உடையும். இடுக்கே இல்லையென்றால் கெட்டி வெள்ளை இறங்காது. முதலில் விரல்களை ஒட்டி வைத்து, பிறகு மெல்ல விலக்குவதே பாதுகாப்பு. கையை உதறக் கூடாது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு ஒரு முறை மாற்றினால் மீதி வெள்ளையும் இறங்கிவிடும். விரலின் அடிப்பக்கம் தொங்கும் கெட்டி வெள்ளையை மறு கையின் இரு விரலால் கிள்ளி எடுக்கலாம். அந்த வெள்ளைக் கயிறு வரவில்லையென்றால் இழுக்காதீர்கள். அதன் மறுமுனை மஞ்சளின் சவ்வோடு ஒட்டியிருக்கிறது, இழுத்தால் சவ்வும் கிழியும்.

பாட்டிலால் பிரிப்பது

இந்த முறையைக் காணொளிகளில் பலரும் பார்த்திருப்பார்கள். பார்ப்பதற்கு வித்தை மாதிரி இருந்தாலும் பின்னால் இருப்பது காற்றழுத்தம் மட்டுமே. பாட்டிலை அமுக்கும்போது உள்ளே உள்ள காற்றில் ஒரு பகுதி வெளியேறுகிறது. அதன் வாயை மஞ்சளின் மேல் வைத்துப் பிடியைத் தளர்த்தினால், பாட்டில் பழைய உருவத்துக்குத் திரும்பும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று மஞ்சளை உள்ளே தள்ளுகிறது. மஞ்சள் பாட்டிலின் வாயைவிட அகலமானதுதான். ஆனால் அது நெகிழக் கூடியது என்பதால் நீண்டு சுருங்கி உள்ளே நழுவிவிடும்.

இதற்கு நன்றாகக் கழுவிக் காயவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்று வேண்டும். மிக மெல்லிய பாட்டில் அமுக்கினால் நசுங்கியபடியே நின்றுவிடும். விட்டதும் தானாக விரிந்து நிமிர்வதாகப் பாருங்கள். வாயின் விளிம்பில் பிசிறு இருக்கக் கூடாது. முட்டையைக் குழிவு குறைந்த தட்டில் உடைத்து ஊற்றுங்கள். பாட்டிலை முட்டைக்கு அருகில் கொண்டு வருவதற்கு முன்பே அமுக்கிவிட வேண்டும். மஞ்சளுக்கு மேலே வைத்து அமுக்கினால் வெளியேறும் காற்றே அதைக் கிழித்துவிடும். பிறகு வாயை மஞ்சளின் மேல் தொட்டும் தொடாமலும் வைத்து, பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். மஞ்சள் உள்ளே ஏறியதும் பாட்டிலைச் சற்றுச் சாய்த்துத் தூக்குங்கள். அந்த நேரத்தில் மீண்டும் அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் கிண்ணத்துக்கு மேல் வந்ததும் லேசாக அமுக்கினால் மஞ்சள் வழுக்கி விழும்.

பிடியைச் சட்டென்று விட்டால் இரண்டு கோளாறு நடக்கும். ஒன்று, மஞ்சள் வேகமாக ஏறி உள்ளே மோதி உடையும். அல்லது வெள்ளையும் கூடவே ஏறிவிடும். பழைய முட்டைக்கு இந்த முறை ஆகவே ஆகாது. குறுகிய வாயில் நுழைய மஞ்சள் நீள வேண்டியிருக்கிறது. தளர்ந்த சவ்வு அந்த இழுப்பைத் தாங்காது. உள்ளே ஒரு மஞ்சள் உடைந்துவிட்டால் பாட்டிலைக் கழுவாமல் அடுத்த முட்டைக்குப் பயன்படுத்தக் கூடாது. வாயில் ஒட்டிய மஞ்சள் நேராக அடுத்த வெள்ளையில் போய் விழும்.

ஆகவே புதிய, குளிர்ந்த முட்டை இரண்டு மூன்று என்றால் ஓடு போதும். முட்டை எப்போது வந்தது என்று தெரியவில்லையென்றால் கைதான். முட்டையை ஏற்கெனவே தட்டில் உடைத்து ஊற்றிய பிறகு பிரிக்க வேண்டியிருந்தால், அப்போது பாட்டில் கைகொடுக்கும்.

மஞ்சள் உடைந்துவிட்டால்

முதலில் செய்ய வேண்டியது, கையை நிறுத்துவது. கிண்ணத்தை ஆட்டாதீர்கள், கலக்காதீர்கள். உடைந்த மஞ்சள் சிறிது நேரம் தனி இழையாக நிற்கும். குளிர்ந்த வெள்ளையில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். கலந்து மங்கிவிட்டால் பிறகு எடுக்க வழியில்லை.

மிளகளவு அல்லது அதற்கும் சிறிய துளி என்றால் எடுத்துவிடலாம். இதற்குச் சிறந்த கருவி சுத்தமான அரை ஓடுதான். ஸ்பூனைக் கொண்டு போனால் துளி வழுக்கி வழுக்கி ஓடும். ஓட்டின் கூர் விளிம்போ கெட்டி வெள்ளையை அறுத்துக்கொண்டு போகும். ஓட்டைத் துளியின் பக்கத்தில் சாய்வாக இறக்கி, துளிக்கு அடியில் கொண்டு சென்று, சுற்றியுள்ள கொஞ்சம் வெள்ளையோடு சேர்த்து அள்ளுங்கள். துளியை மட்டும் எடுக்க முயன்றால் அது நூலாக நீண்டு பரவும். ஒரு ஸ்பூன் வெள்ளை போனாலும் பரவாயில்லை. ஓட்டுச் சில்லு விழுந்தாலும் எடுக்கும் வழி இதுவேதான். கடுகளவுப் புள்ளி என்றால் டிஷ்யூ காகிதத்தின் நுனியை அதன் மேல் தொட்டு, ஈரம் ஏறியதும் நேராக மேலே தூக்கினால் புள்ளி அதோடு வந்துவிடும்.

மஞ்சள் இழையாக ஓடிப் பரவத் தொடங்கிவிட்டது, ஆனால் பெரும்பகுதி இன்னும் ஒரு பக்கமாக இருக்கிறது என்றால், அந்தப் பக்கம் தாழும்படி கிண்ணத்தை மெல்லச் சாய்த்து, ஸ்பூனால் மஞ்சள் பகுதியைத் தாராளமாக அள்ளிவிடுங்கள். மீதியை வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் நிறமே தெரியாமல் இருந்தால் சரி. இலேசான மஞ்சள் சாயல் தெரிந்தாலும் அந்த வெள்ளை நுரைக்கு ஆகாது, அதை மஞ்சளோடு சேர்த்துவிடுங்கள்.

மஞ்சள் முழுதாக உடைந்து சின்னக் கிண்ணம் நிறையப் பரவிவிட்டால் போராட வேண்டாம். அந்த முட்டையை மூடி வைத்து, ஆம்லெட்டுக்கோ முட்டைப் பொடிமாஸுக்கோ பயன்படுத்துங்கள். கிண்ணத்தைக் கழுவித் துடைத்த பிறகே அடுத்த முட்டை. மஞ்சள்தான் உங்களுக்குத் தேவை என்றால் கவலையே வேண்டாம். கஸ்டர்டில் எப்படியும் மஞ்சளை உடைத்துக் கலக்கத்தான் போகிறோம். சுற்றியுள்ள வெள்ளையில் முடிந்ததைச் சாய்த்து ஊற்றிவிட்டு, மீதியை வடிகட்டியில் வடித்தால் போதும்.

கண்ணுக்குத் தப்பிய மஞ்சள் அடிக்கும்போது காட்டிக்கொடுக்கும். நல்ல வெள்ளை பீட்டரில் சில நிமிடங்களிலேயே வெண்மையாக, நுண்ணிய நுரையாக மாறும். மஞ்சள் கலந்த வெள்ளை வெகுநேரம் பெரிய பெரிய குமிழிகளாகவே நிற்கும். பீட்டரைத் தூக்கினால் கூம்பு நிற்காமல் வழியும். மிகச் சிறு துளிதான் கலந்தது என்றால், அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுக் கூடுதல் நேரம் அடித்தால் ஓரளவு ஏறலாம். கேக்குக்கு அந்த நுரை போதும். மக்ரூனுக்குப் போதாது. சர்க்கரையும் முந்திரியும் சேர்ப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்து நிறுத்தினால் நஷ்டம் வெறும் முட்டையோடு போகும்.

நான்கு முட்டையில் மக்ரூன்

இதையெல்லாம் ஒரு வேலையில் சேர்த்துப் பார்ப்போம். நான்கு வெள்ளை வேண்டும் என்றால் ஐந்து குளிர்ந்த முட்டை எடுங்கள். ஒன்று உபரி. முதல் இரண்டும் சுத்தமாகப் பிரிந்து பெரிய கிண்ணத்துக்குப் போகின்றன. மூன்றாவதில் மஞ்சள் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். சின்னக் கிண்ணத்தில்தான் உடைந்தது என்பதால் முன்னால் எடுத்த இரண்டுக்கும் சேதம் இல்லை. அதை ஒதுக்கி, கிண்ணத்தை மாற்றி, மற்ற இரண்டையும் கையால் பிரிக்கலாம். இப்போது சுமார் 120 கிராம் வெள்ளை இருக்கும். எடை போட்டுப் பார்ப்பது நல்லது. அதற்கு 200 கிராம் பொடித்த சர்க்கரையும் 200 கிராம் பொடித்த முந்திரியும் எடுத்துக்கொள்ளலாம்.

அரை மணி நேரம் வெளியே வைத்த வெள்ளையில் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு, முதலில் மெதுவாக அடியுங்கள். நுரைத்ததும் சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனாகச் சேர்த்து வேகத்தைக் கூட்டுங்கள். பளபளப்பாகி, பீட்டரைத் தூக்கினால் கூம்பு வளையாமல் நிற்க வேண்டும். முந்திரி அதற்குப் பிறகுதான்.

மஞ்சளின் கொழுப்புக்கு இவ்வளவு பயந்தோமே, முந்திரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பாயிற்றே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நுரை கட்டும்போது கொழுப்பு இருந்தால் சுவரே எழும்பாது. சர்க்கரை சேர்ந்து சுவர் உறுதியான பிறகு வரும் கொழுப்பு அந்த அளவுக்கு உடைக்காது. அதுவும் முந்திரியின் கொழுப்பு பெரும்பாலும் அதன் துகளுக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் முந்திரியை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, எண்ணெய் கசியாமல் பொடிக்க வேண்டும். அடிக்காமல், அகப்பையால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்க வேண்டும். கலந்ததும் தாமதிக்காமல் காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழிந்துவிட வேண்டும். 100 முதல் 110 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் உலர்த்தி, அவனை அணைத்து, உள்ளேயே ஆற விடுங்கள். மக்ரூன் வேகும் பலகாரம் என்பதைவிட உலரும் பலகாரம் என்பதே பொருத்தம்.

மிஞ்சிய மஞ்சள்

தூத்துக்குடிக்கு வெள்ளை வேண்டும் என்றால், மலபாருக்கு மஞ்சள் வேண்டும். அங்குள்ள முஸ்லிம் வீடுகளில் செய்யும் முட்டமாலைக்கு மஞ்சள் கருவை மட்டும் எடுத்து, கொதிக்கும் சர்க்கரைப் பாகில் நூல் நூலாக விட்டு எடுக்கிறார்கள். மிஞ்சும் வெள்ளையை ஆவியில் வேகவைத்து, பிஞ்ஞாணத்தப்பம் என்ற பெயரில் அதனோடேயே பரிமாறுகிறார்கள். ஒரே முட்டையின் இரண்டு பாதியும் ஒரே தட்டில் வந்து சேர்கின்றன.

உடையாத மஞ்சளைக் கிண்ணத்தில் போட்டு, மேலே தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். தண்ணீர் இல்லாவிட்டால் மேல்தோல் காய்ந்து இறுகும். உடைந்த மஞ்சளை அன்றைக்கே கஸ்டர்டாக்கிவிடுவது நல்லது. வெள்ளையை மூடி வைத்தால் இரண்டு மூன்று நாள் இருக்கும், ஃப்ரீசரிலும் வைக்கலாம், குணம் மாறாது. மஞ்சளை அப்படியே ஃப்ரீசரில் வைத்தால் பசையாக இறுகிப் பழைய பதத்துக்கு வராது. வைத்தே ஆக வேண்டுமென்றால் கொஞ்சம் சர்க்கரையோ உப்போ கலந்து வைக்க வேண்டும்.

ஓடு, கை, பாட்டில் மூன்றில் எதைப் பழகினாலும் சரி. ஆனால் ஒரு முறையை மட்டும் நிரந்தரமாகப் பழக வேண்டும் என்று கேட்டால், கையைப் பழகுங்கள் என்பேன். புதிய முட்டைக்கும் பழைய முட்டைக்கும் ஒரே மாதிரி உதவுவது அது ஒன்றுதான். எந்த முறையானாலும் சின்னக் கிண்ணத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.